பவுண் காப்புக்குப் பக்கத்தில் கோல்ட் நகப்பூச்சு: கலியாணக் கைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை

திருகோணமலையில் வைகாசி, ஆவணிக் கலியாணங்கள் தொடங்கினால், கைக்கு நிறம் பூசிவிடப் பழகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பிழைகளில்தான் போய் விழுகிறார்கள். நகத்துக்கு வெளியே வழிவதும் காயமுன் தொட்டுவிடுவதும் இரண்டு கிழமையில் தானாகத் திருந்திவிடும். கீழே வருபவை அப்படித் திருந்துவதில்லை.

தங்க நகைக்குத் தங்க நிறம்

பட்டுச்சேலையில் சரிகை, கையில் ஆறு காப்பு, விரலில் மோதிரம். அப்போ நகத்துக்கும் கோல்ட் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவு கை நிறைந்த பவுணை கவரிங்போல் காட்டிவிடும். பல லட்சம் கொடுத்து வாங்கிய நகைக்கு இப்படிச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

காரணம் எளியது. நாங்கள் போடும் 22 கரட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கு தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். அதனால் அந்த மஞ்சளுக்குள் ஒரு சிவப்புச் சூடு இருக்கும். போத்தலில் இருக்கும் கோல்டில் தங்கமே கிடையாது. நிறம் ஏற்றிய மைக்கா துகளும் அலுமினியத் துகளும்தான் அதில் மினுங்குகின்றன. அந்த மஞ்சள் அநேகமாக வெளிறியிருக்கும், சிலவற்றில் எலுமிச்சைப் பச்சை எட்டிப்பார்க்கும். மினுங்கும் விதமும் வேறு. காப்பு ஒரே பரப்பாக ஒளியைத் திருப்பித்தரும், துகள்களோ ஆளுக்கொரு பக்கம் சிதறடிக்கும். கண் இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டில் ஒன்று போலி என்று சொல்லும். கூட்டத்தில் எது போலி என்று யாரும் ஆராயப்போவதில்லை.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். இலைப்பச்சைக் காஞ்சிபுரம், அரக்குக் கரை, தங்கச் சரிகை, இரண்டு கையிலும் பவுண் காப்பு. கடையின் வெள்ளை லைட்டில் கோல்ட் போத்தல் சரிகையோடு நன்றாகவே பொருந்தியது. கோணேசர் கோயில் வெளிவீதிக்கு வந்தால் மூன்று பக்கமும் கடல், மேலே வெயில். அந்த வெளிச்சத்தில் நகம் தகரம்போல் வெளிறும், தூரிகை இழுத்த கோடுகள்கூடத் தெரியும். தாலிக்கொடியைப் பிடித்தபடி எடுக்கும் படத்தில் முதலில் கண்ணில் படுவது நகம்தான்.

அந்தக் கைக்கு வேண்டியது அரக்கு. கரையைவிட அரைப்படி கருமையாக, மினுக்கம் இல்லாத கிரீம் வகை, மெல்லியதாக இரண்டு பூச்சு. அரக்கு நிறம் பவுணின் சிவப்புச் சூட்டோடு சேர்ந்துபோகும், பச்சைக்கு நடுவில் காப்பைத் தூக்கியும் காட்டும். கோல்ட் வேண்டும் என்று மணப்பெண் பிடிவாதமாக நின்றால், மோதிரம் போடாத ஒரு விரலில் மட்டும், அரக்கின் மேல், நுனியில் நூல்போல ஒரு கோடு. அதற்கு மேல் வேண்டாம்.

வாங்குமுன் சோதிக்க வழி உண்டு. பெருவிரல் நகத்தில் செலோடேப் ஒட்டி, அதன்மேல் இரண்டு பூச்சுப் போட்டு, பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு காப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போங்கள். நிழலில் ஒருதரம், வெயிலில் ஒருதரம். காப்பு முன்பைவிட மங்கித் தெரிந்தால் அந்த நிறம் சரிவராது.

சேலையின் உடல் நிறத்தையே நகத்துக்குப் பூசுவது

கரையைப் பாருங்கள். மயில்கழுத்துப் போன்ற இரட்டைநிறப் பட்டு ஒவ்வொரு மடிப்பிலும் மாறும். நகம் மாறாது.

கையைப் பார்த்துக் காலுக்கும் அதே நிறம்

இதை யோசிப்பவர்கள் குறைவு. கையில் பவுண் இருந்தாலும் காலில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசும் மெட்டியும்தான். பவளம், செம்மஞ்சள் போன்ற சூடான நிறங்கள் காப்போடு வடிவாக இருக்கும், மெட்டிக்குப் பக்கத்தில் பொருந்தாமல் நிற்கும். கைக்கும் காலுக்கும் ஒரே போத்தல்தான் என்றால் நாவல்பழச் சாயல் கலந்த கருஞ்சிவப்பை எடுங்கள். அது இரண்டு உலோகத்தோடும் ஒத்துப்போகும்.

கறுப்பேற்றிய வெள்ளி நகைக்குச் சில்வர் நகப்பூச்சு

கூடாது. அதற்குப் பதில் கருநீலம் அல்லது சாம்பல் கலந்த ரோஸ்.

மருதோன்றியை மறந்துவிட்டு நிறத்தைத் தெரிவுசெய்வது

இட்ட அன்று செம்மஞ்சளாக இருக்கும் கை, ஒன்று இரண்டு நாளில் கருஞ்சிவப்பாக ஏறும். ஆகவே முதல் நாள் கையை வைத்து நிறத்தைத் தெரிவுசெய்யாதீர்கள். நீலச் சாயல் கொண்ட ரோஸ் அந்தக் கையில் ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். நகத்திலும் சாயம் பிடித்திருந்தால் வெளிர் நிறங்களுக்குள்ளால் அது மஞ்சளாகத் தெரியும், மூன்று பூச்சுப் போட்டாலும் முழுதாக மறையாது. மருதோன்றி இடுமுன் நகத்தின்மேல் நிறமில்லாத பூச்சு ஒன்று போட்டு நன்றாகக் காயவிடுங்கள். கை சிவந்தபின் ரிமூவரால் அதைத் துடைத்தெடுத்தால் நகம் பெரும்பாலும் சாயம் பிடிக்காமல் இருக்கும்.