தேர்வுக்கூடத்தில் கைக்கடிகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வுக்கூடத்துக்குக் கைக்கடிகாரம் கொண்டு செல்லலாமா என்ற கேள்விக்கு எல்லாத் தேர்வுகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. சென்ற முறை ஒரு தேர்வில் அனுமதித்தார்கள் என்பதையோ, பயிற்சி மையத்தில் உடன் படிப்பவர் சொன்னார் என்பதையோ வைத்துக்கொண்டு அடுத்த தேர்வுக்குக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யூ.பி.எஸ்.சி., சாதாரணக் கைக்கடிகாரத்தை அனுமதிக்கிறது. ஸ்மார்ட் வாட்ச்சையும், தகவல் தொடர்புக்குப் பயன்படக்கூடிய சிறப்பு வசதி பொருத்திய எந்தக் கடிகாரத்தையும் தடை செய்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யின் அறிவுரைகளோ, குறிப்புகளைச் சேமித்து வைக்கக்கூடிய கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. நீட் தேர்வில் முள் கடிகாரமாக இருந்தாலும் அனுமதி இல்லை.

நீட் தேர்வின் கெடுபிடி காரணமில்லாமல் வந்ததன்று. அதற்கு முன்பிருந்த அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில், 2015-ஆம் ஆண்டு, உள்ளாடையில் மறைத்துத் தைக்கப்பட்ட கருவிகளின் வழியாகத் தேர்வர்களுக்கு விடைகள் அனுப்பப்பட்டது வெளிவந்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 15 அன்று முழுத் தேர்வையும் ரத்து செய்து, மறுதேர்வு நடத்த உத்தரவிட்டது. வாசலில் நிற்கும் அலுவலரால் ஆயிரக்கணக்கான கடிகாரங்களைக் கழற்றிப் பார்த்து, எது வெறும் கடிகாரம், எது கருவி என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் ஒட்டுமொத்தத் தடை வந்தது. ஆகவே ஹால் டிக்கெட் கைக்கு வந்தவுடன் அதன் பின்பக்க அறிவுரைகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். அங்கே எழுதியிருப்பதுதான் அந்தத் தேர்வுக்கு விதி.

அனுமதி உள்ள தேர்வுகளில் அடுத்த தவறு, முள் இருந்தாலே அது சாதாரணக் கடிகாரம் என்று நம்புவது. இன்று கடைகளில் கிடைக்கும் சில கடிகாரங்களில் வெளியே பார்த்தால் வட்ட முகப்பும் இரண்டு முட்களும்தான் தெரியும். உள்ளே புளூடூத் இருக்கும், கைபேசிக்கு அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிரும். ஹைப்ரிட் என்று விற்கப்படும் இவற்றை ஸ்மார்ட் வாட்ச் வரிசையில்தான் சேர்க்க வேண்டும். முட்களோடு சிறு டிஜிட்டல் திரையும் உள்ள கடிகாரத்தில் அலாரமும், மணிக்கொருமுறை ஒலிக்கும் பீப் ஓசையும் இருப்பது வழக்கம். நிசப்தமான அறையில் அந்த ஒற்றை ஒலியே சோதனைக்குப் போதிய காரணமாகிவிடும்.

குரோனோகிராப் எனப்படும், முகப்பில் மூன்று சிறு வட்டங்களும் பக்கவாட்டில் இரண்டு கூடுதல் பொத்தான்களும் உள்ள கடிகாரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள நீண்ட நொடி முள் பொத்தானை அழுத்தினால்தான் நகரும். மற்ற நேரங்களில் 12-இல் அசையாமல் நிற்கும். பழக்கமில்லாதவர் பதற்றத்தில் அதைப் பார்த்து, கடிகாரமே நின்றுவிட்டதென்று நினைத்துவிடக்கூடும். கண்காணிப்பாளரின் கண்ணும் அந்தப் பொத்தான்களின் மேல்தான் விழும்.

அப்படியானால் எதை வாங்கலாம்? வெள்ளை முகப்பு, கறுப்பு முட்கள், 1 முதல் 12 வரை எல்லா எண்களும், விளிம்பைச் சுற்றி அறுபது நிமிடக் கோடுகளும் உள்ள சாதாரண பேட்டரி கடிகாரம் போதும். எண்களே இல்லாமல் நான்கு கோடுகள் மட்டும் போட்ட முகப்பு பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் நிமிட முள் 33-இல் இருக்கிறதா 37-இல் இருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் அது சொல்லாது. தேதி காட்டும் சிறு கட்டம் இருந்தால் தவறில்லை. ஸ்ட்ராப் தோலாலோ ரப்பராலோ இருப்பது நல்லது. தளர்ந்த உலோகச் சங்கிலி மேசையில் உரசிச் சத்தம் எழுப்பும். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை வீட்டுப் பெரியவர்கள் ஆசையோடு எடுத்துக் கொடுப்பதுண்டு. அது ஒரு நாளில் அரை நிமிடம் வரை பிசகலாம், முதல் நாள் சாவி கொடுக்க மறந்தால் நின்றும் போகலாம். பேட்டரி கடிகாரத்தின் பிசகு சாதாரணமாக மாதம் முழுவதற்குமே அந்த அளவுக்குள் அடங்கிவிடும் என்பதால், தேர்வுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். விலை உயர்ந்த கடிகாரம் வேண்டாம். வாசலில் கழற்றச் சொன்னால் அதைப் பத்திரமாக வைக்க இடம் இருக்கும் என்ற உறுதி இல்லை.

பேட்டரியைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. சாதாரணக் கடிகாரத்தில் ஒரு செல் இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைக்கும். நொடிக்கொருமுறை நகர வேண்டிய முள் சில நொடிகள் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவினால், செல் தீரப் போகிறதென்று சில கடிகாரங்கள் தரும் அறிகுறி அது. எல்லாக் கடிகாரங்களும் இப்படி முன்கூட்டிச் சொல்லா. எப்போது மாற்றினோம் என்று நினைவில்லையெனில், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே புது செல் போட்டு, கைபேசியின் நேரத்தோடு சரிசெய்து, அந்த இரண்டு வாரமும் ஓடவிட்டுப் பாருங்கள். காந்தப் பூட்டுள்ள பைக்குள்ளோ, ஒலிபெருக்கியின் மேலோ கடிகாரத்தை வைக்காதீர்கள். வலுவான காந்தத்தின் அருகில் பேட்டரி கடிகாரம் நின்றுவிடும். எடுத்தபின் மீண்டும் ஓடத் தொடங்கும். ஓடுகிறதே என்று நாம் சந்தேகப்பட மாட்டோம், நேரம் மட்டும் பின்தங்கியிருக்கும்.

தேர்வு தொடங்கும்போது முட்களைத் திருப்பி 12-இல் வைத்துக்கொள்வது சிலரின் வழக்கம். கழிந்த நேரம் நேரடியாகத் தெரியும் என்பது அதன் வசதி. ஆனால், "பதினொன்றரை ஆகிவிட்டது" என்று கண்காணிப்பாளர் அறிவிக்கும்போது, கையில் 2.30 என்று இருந்தால் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் கணக்கு தவறும். உண்மையான நேரத்தையே வைத்துக்கொண்டு, சில நிறுத்தங்களை மனத்தில் பதித்துக்கொள்வதே மேல்.

யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் இருபது வினாக்கள்: பத்து வினாக்களுக்குத் தலா 10 மதிப்பெண், மற்ற பத்துக்குத் தலா 15. முதல் வகைக்கு 7 நிமிடம், இரண்டாம் வகைக்கு 11 நிமிடம் என்று ஒதுக்கினால் 70-உம் 110-உம் சேர்ந்து சரியாக 180 நிமிடம் ஆகிறது. தாள் 9 மணிக்குத் தொடங்கினால், ஐந்தாம் வினா முடியும்போது 9.35, பத்தாவது முடியும்போது 10.10, பதினைந்தாவது முடியும்போது 11.05 ஆகியிருக்க வேண்டும். முகப்பில் இது இன்னும் எளிது: பெரிய முள் முதலில் 7-இல், அடுத்து 2-இல், பிறகு 1-இல் நிற்க வேண்டும். இந்த மூன்று இடங்களில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 10.10-க்கு எட்டு வினாக்களை மட்டுமே முடித்திருந்தால் பதினான்கு நிமிடம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். எஞ்சியுள்ள பன்னிரண்டு வினாக்களிலும் ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால் அது சரியாகிவிடும். அதை விட்டுவிட்டுக் கடைசி வினாவை முழுதாகக் கைவிடுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. இந்த நேரங்களை ஹால் டிக்கெட்டில் எழுதிக்கொண்டு போகாதீர்கள்; அதில் கையால் எழுதிய எதுவும் கேள்விக்கு இடமாகும்.

கடிகாரத்துக்கே அனுமதியில்லாத தேர்வை எழுதப்போகிறவர்கள், வீட்டில் மாதிரித் தாள்களைக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு எழுதிப் பழகுவது கடைசித் தவறு. பயிற்சியின்போதே அதைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கவாட்டில் அல்லது பின்னால் உள்ள சுவர்க் கடிகாரத்தைத் தேவையானபோது மட்டும் பார்த்து எழுதுங்கள். தேர்வு நாளில் இருக்கையில் அமர்ந்தவுடன் அறையின் கடிகாரம் எங்கே இருக்கிறது, ஓடுகிறதா என்று பாருங்கள். அது தெரியாத இடத்தில் அமர்த்தப்பட்டிருந்தாலோ, நின்று கிடந்தாலோ, வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்லி, நேரத்தை இடையிடையே அறிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.