ஒரே கடிதம், இரண்டு வழிகள்: மனக்குறையும் ஒழுக்காற்று விசாரணையும் குழம்பும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட ஒரு மொத்த விற்பனை நிலையம் என்று வைத்துக்கொள்வோம். 22 பேர் வேலை செய்கிறார்கள். காசாளராக இருக்கும் பெண் ஒருநாள் கடை பூட்டும் நேரத்தில் முகாமையாளரிடம் போய், “ஐயா, உங்களோட ஒருக்கா கதைக்கவேணும்” என்று சொல்லி ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். அதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. இரண்டு மாதமாக ஓவர்டைம் காசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை எப்போதும் தன் தலையிலேயே விழுகிறது. அந்த வேலைப் பட்டியலைப் போடுகிறவர் களஞ்சியப் பொறுப்பாளர். அதோடு, மே 14ஆம் திகதி லொறியில் 10 மூட்டை அரிசி இறங்கியபோது, 12 மூட்டை வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும்படி அதே பொறுப்பாளர் தன்னை வற்புறுத்தினார்.

முகாமையாளருக்கு இது ஒரு முறைப்பாடாகத்தான் தெரியும். ஒரே ஆள் எழுதியது, ஒரே ஆளைப் பற்றியது. ஆனால் முதல் இரண்டும் மனக்குறை நடைமுறைக்குப் போகவேண்டியவை. மூன்றாவது, உண்மையாக இருந்தால், ஒழுக்காற்று நடைமுறைக்குப் போகவேண்டியது. கடிதத்தை வாசித்த அன்றே பிரிக்காமல் விட்டால், பிறகு பிரிப்பது மிகவும் கஷ்டம்.

வித்தியாசத்தை நான் இப்படித்தான் விளங்கப்படுத்துவேன். மனக்குறை என்பது ஊழியர் நிருவாகத்தை நோக்கிக் கேட்கும் கேள்வி: “எனக்கு நடக்கிறது சரியில்லை, திருத்தித் தருவீர்களா?” அதன் முடிவு ஒரு பரிகாரம். காசைக் கொடுப்பது, வேலைப் பட்டியலை மாற்றுவது, அல்லது ஏன் மாற்ற முடியாது என்று காரணம் சொல்வது. ஒழுக்காற்று நடவடிக்கை என்பது நிருவாகம் ஊழியரை நோக்கிக் கேட்கும் கேள்வி: “இந்த விதியை நீர் மீறினீரா?” அதன் முடிவு ஒரு தீர்மானம், தேவைப்பட்டால் ஒரு தண்டனை. முதலாவதில் காசாளர் ஒரு தரப்பு. அவருக்குப் பதில் கிடைக்கவேண்டும், பதில் பிடிக்காவிட்டால் மேலிடத்துக்கு மேன்முறையீடு செய்யவும் வழி இருக்கவேண்டும். இரண்டாவதில் அவர் வெறும் சாட்சி. தரப்புகள் நிருவாகமும் களஞ்சியப் பொறுப்பாளரும்தான். இந்த இடமாற்றத்தை முறைப்பாட்டாளருக்கு யாருமே சொல்வதில்லை. அதனால் அவர், “நான்தானே எழுதினேன், அவருக்கு என்ன தண்டனை என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்று கோபப்படுகிறார். அந்தக் கோபத்தில் பிழை இல்லை.

சரி, பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது? முகாமையாளர் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டு, தேத்தண்ணி வரவழைத்து, “கதைச்சு முடியுங்கோ” என்கிறார். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் இயல்பாக நடக்கும். பொறுப்பாளர் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தமாக இருப்பார், காசாளரின் தகப்பனாரும் அவரும் ஒரே கோயில் நிருவாக சபையில் இருப்பார்கள். சமரசம் செய்துவைக்கவேண்டும் என்ற எண்ணம் நல்ல மனத்தோடுதான் வருகிறது. அந்தப் பேச்சின் நடுவே பொறுப்பாளர், “ஒண்டு ரெண்டு மூட்டை கூடக்குறைய எழுதினது உண்மைதான், எல்லாரும் செய்யிறதுதானே” என்று சொல்லிவிடுகிறார். முகாமையாளருக்கு முகம் மாறுகிறது. அடுத்த திங்கட்கிழமை பொறுப்பாளரின் கையில் வேலைநீக்கக் கடிதம்.

நான் அதிகமாகக் கண்ட தவறு இதுதான். பொறுப்பாளர் அந்த அறைக்குள் வந்தது ஒரு மனஸ்தாபத்தைத் தீர்க்க. தன்மேல் களவுக் குற்றச்சாட்டு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. பதிவேட்டை அவருக்குக் காட்டவில்லை. லொறிச் சாரதியிடம் கேள்வி கேட்கவும் தன் பக்கத்துச் சாட்சியைக் கொண்டுவரவும் அவருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. சமாதானம் பேச வந்த முகாமையாளரே சாட்சியாகவும் நீதிபதியாகவும் மாறிவிட்டார்.

பொறுப்பாளர் தொழில் நியாய சபைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டு பக்கமும் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும். இலங்கையில் தனியார் துறையில் உள்ளக விசாரணை நடத்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வேலைநீக்கம் தானாகவே தோற்றுப்போகாது. நியாய சபை சாட்சியங்களைத் தானே புதிதாகக் கேட்கும். ஆனால் வேலையை நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. அந்த நேரத்தில் கையில் என்ன இருக்கும்? மே மாதத்துப் பதிவேட்டைக் கவனமாக எடுத்துவைத்திருக்க மாட்டார்கள், சாரதியின் வாக்குமூலம் எழுதப்பட்டிருக்காது, அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். தேத்தண்ணிப் பேச்சில் சொன்ன ஒரு வசனம் மட்டும் மிஞ்சும். அதையும் “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுத்தால் முடிந்தது. மறுபடி வேலைக்கு எடு, அல்லது நட்டஈடு கொடு என்று நியாய சபை கட்டளையிடலாம். உண்மையில் மூட்டை காணாமல் போயிருந்தாலும்கூட.

இன்னொரு வகையான முகாமையாளர் இருக்கிறார். களவு என்று எழுதினால் வில்லங்கம் என்று நினைத்து, “இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆகவே உம்முடைய சேவை இனித் தேவையில்லை” என்று கடிதம் கொடுப்பார். மென்மையான வழி என்று அவர் நம்புகிறார். சட்டப்படி அதுதான் மோசமான வழி. வேலையாளரின் தொழிலை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரின் வேலையை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனங்களுக்கு இது பொருந்தும். நம்முடைய கடையில் 22 பேர். ஒத்துப்போகாமை ஒழுக்காற்றுக் காரணம் அல்ல. ஆகவே குற்றச்சாட்டை எழுதாமல் விட்டதாலேயே முதலாளி, சம்மதமோ அனுமதியோ இல்லாமல் வேலையை நிறுத்தத் தனக்கிருந்த ஒரே கதவையும் பூட்டிக்கொண்டார்.

அப்போது அந்தக் கடிதத்தை எப்படிக் கையாண்டிருக்கவேண்டும்?

ஓவர்டைம் விஷயத்துக்கு விசாரணையே தேவையில்லை. வரவுப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும் இடங்களில் மேலதிக நேரத்துக்குச் சாதாரண மணிக்கூலியின் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் காசாளர் போகும் இடம் தொழில் நியாய சபை அல்ல, தொழில் திணைக்களத்தின் அலுவலகம். ஞாயிறு வேலைப் பட்டியலுக்குக் கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுத்து, யார் யார் எத்தனை ஞாயிறு என்று எண்ணவேண்டும். கணக்கு அவர் சொன்னபடி வந்தால் பட்டியலை மாற்றிவிட்டு எழுத்தில் அறிவிக்கவேண்டும். இவ்வளவுக்கும் பொறுப்பாளரைக் குற்றவாளியாக்கத் தேவையில்லை. பட்டியல் போட்டதில் பாரபட்சம் இருக்கலாம், வெறும் கவனயீனமாகவும் இருக்கலாம். மனக்குறை நடைமுறையின் வசதியே, யார் பிழை என்று தீர்மானிக்காமலே நிலைமையைத் திருத்தலாம் என்பதுதான்.

மூட்டை விஷயத்தில் முகாமையாளர் முதலில் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு பதிவேட்டை எடுத்துப் பத்திரப்படுத்துவது. அப்புறம், இந்த இருவரோடும் நேரடித் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு பூர்வாங்க விசாரணை. அனுப்பியவரின் விநியோகச் சீட்டு, பதிவேட்டுப் பக்கம், காசாளர், சாரதி, மூட்டை இறக்கியவர்கள் ஆகியோரின் வாக்குமூலங்கள். இந்தக் கட்டத்தில் யாரும் குற்றவாளி என்று முடிவெடுக்கக்கூடாது. விஷயத்தில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது.

இருக்கிறது என்றால், விளக்கம் கேட்டு ஒரு கடிதம். பலர் சறுக்கும் இடம் இது. “நீர் நிறுவனத்துக்கு நம்பிக்கைத் துரோகம் செய்துள்ளீர்” என்று எழுதினால் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. “மே 14ஆம் திகதி 10 மூட்டை அரிசி பெறப்பட்டிருக்க, பதிவேட்டின் இந்தப் பக்கத்தில் 12 மூட்டை என்று பதிந்தீர்; அதில் கையெழுத்திடுமாறு காசாளரை வற்புறுத்தினீர்” என்று எழுதினால், அவர் எதை மறுக்கவேண்டும் என்று அவருக்கும் தெரியும், எதை நிரூபிக்கவேண்டும் என்று நமக்கும் தெரியும். பதிலுக்கு ஒரு கிழமையாவது கொடுக்கவேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் குற்றச்சாட்டுப் பத்திரமும் முறையான விசாரணையும். விசாரணை அலுவலர் வெளியாளாக இருப்பது நல்லது. இங்கே ஓய்வுபெற்ற நிருவாக அலுவலர் ஒருவரையோ சட்டத்தரணி ஒருவரையோ பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. ஆனால் இரு தரப்புக்கும் உறவில்லாதவரா என்று முதலில் கேளுங்கள். விசாரணை அலுவலர் குற்றம் நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்று சொல்வார், தண்டனையை நிருவாகம் தீர்மானிக்கும். வேலைநீக்கம் என்று முடிவானால், அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காரணத்தை எழுத்தில், வேலையை நிறுத்திய திகதிக்குப் பின் வரும் இரண்டாவது வேலைநாள் முடியுமுன் அவருக்கு அறிவிக்கவேண்டும்.

கடிதத்தில் பாலியல் சீண்டல் பற்றி ஒரு வரி இருந்திருந்தால், எதிரெதிரே இருத்திக் கதைக்கவைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது குற்றம். அதற்கு மனக்குறை நடைமுறையில் சமரசம் தேடுவது, பாதிக்கப்பட்டவரிடம் அதைப் பொறுத்துக்கொள் என்று கேட்பதற்குச் சமம்.

இதே குழப்பம் மறுபக்கமாகவும் நடக்கிறது, அதுதான் என்னை அதிகம் வருத்துவது. முகாமையாளர் கடிதத்தை வாசித்துவிட்டு, “பொறுப்பாளரைப் பற்றி மரியாதையில்லாமல் எழுதியிருக்கிறீர், விளக்கம் தாரும்” என்று காசாளருக்கே கடிதம் கொடுக்கிறார். மனக்குறையைச் சொன்னதற்காக ஊழியருக்கு எந்தப் பாதகமும் வரக்கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பின் 1967ஆம் ஆண்டு 130ஆம் இலக்கப் பரிந்துரை சொல்கிறது. திகதிகளை வரிசைப்படுத்தினாலே பழிவாங்கல் தெரிந்துவிடும். ஆறு வருடமாக ஒரு எச்சரிக்கையும் இல்லாதவருக்கு, முறைப்பாடு கொடுத்து பத்து நாளில் மூன்று எச்சரிக்கை என்றால் யார் நம்புவார்கள்? முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை என்பதும் முறைப்பாடு பொய் என்பதும் ஒன்றல்ல. தெரிந்தே பொய் எழுதினார் என்று விசாரணையில் தெளிவாக வந்தால் மட்டும்தான் ஒழுக்காற்று நடவடிக்கை பற்றி யோசிக்கலாம்.

குற்றச்சாட்டுப் பத்திரம் கிடைத்தவுடன் களஞ்சியப் பொறுப்பாளரும் ஒரு மனக்குறைக் கடிதம் கொடுக்கக்கூடும்: “முகாமையாளர் என்னைப் பழிவாங்குகிறார்.” உடனே எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு, கிழித்துப் போடுவதும் தவறு. அந்த முறைப்பாடு மூட்டை விஷயத்தைப் பற்றியதாகவே இருந்தால், அது அவருடைய எதிர்வாதம், விசாரணையிலேயே சொல்லட்டும். விசாரணை அலுவலர் நடுநிலையானவர் இல்லை என்று நியாயமான காரணத்தோடு சொன்னால், சில நாள் நிறுத்தி ஆளை மாற்றுங்கள். சம்பள உயர்வு பற்றியோ லீவு பற்றியோ என்றால், அது தனியாக இன்னொரு கோப்பில் ஓடட்டும்.

காசாளருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சிறிய கடிதம் போகவேண்டும். ஓவர்டைம், ஞாயிறு வேலை இரண்டுக்கும் இந்தத் திகதிக்குள் பதில் தருவோம், திருப்தியில்லாவிட்டால் பணிப்பாளரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்று ஒரு பந்தி. பதிவேடு பற்றிச் சொன்னதை வேறாக விசாரிக்கிறோம், அதில் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடக்கூடும், அதன் முடிவை உங்களுக்குச் சொல்ல முடியாமல் இருக்கலாம், ஆனால் எழுதியதற்காக உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது என்று இன்னொரு பந்தி.