புது விரிவுரையாளர் முதல் நாள் அறிமுகத்தில் செய்யக்கூடாத தவறுகள்

முதலாம் ஆண்டு பொறியியல் வகுப்பு, முதல் பீரியட். ஐம்பது நிமிடம், எதிரே அறுபது பேர். உங்களைப் பற்றி அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அதனால் அன்று சொல்வதை அப்படியே நம்பிக்கொள்வார்கள், பின்னால் சரிபார்க்கவும் செய்வார்கள்.

என் முதல் நாளில் நான் செய்த பெரிய தவறு, இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டியது. "நாற்பது மார்க் என் கையில இருக்கு" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பேச்சு பலித்துவிட்டது என்றே நினைத்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60 என்பது உண்மைதான். ஆனால் அந்த நாற்பது ஆசிரியர் நினைத்தபடி போடுவதல்ல. உள்தேர்வு, அசைன்மென்ட் இவற்றில் எடுத்ததைக் கணக்கிட்டு வருவது. ஹாஸ்டலில் சீனியர்கள் ஒரே வாரத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் சொன்ன நிஜமான எச்சரிக்கைகளையும் யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது விதியை மட்டும் சொல்கிறேன். "பருவத் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இன்டர்னலும் சேர்த்து மொத்தம் 50 சதவீதம் வேண்டும். இன்டர்னல் முழுசா இருந்தாலும் பருவத் தேர்வில் 45 இல்லையென்றால் அரியர்தான். வருகைப்பதிவு 75 சதவீதம்." இதைச் சொல்லக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. விதிக்கு உள்ள கனம் அதைச் சரியாகச் சொல்பவர் மேலும் வந்து சேர்கிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "என்னை உங்க அண்ணனா நினைச்சுக்கோங்க." எம்.இ. முடித்த கையோடு வேலைக்கு வருபவருக்கும் மாணவருக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம், அதனால் இந்த வாக்கியம் தானாக வாயில் வந்துவிடும். பத்து நிமிடம் தாமதமாக வந்தவனுக்கு ஆப்சென்ட் போடும் நாளில் இது திரும்பி வரும். அண்ணன் என்று சொன்னவர் விட்டுக்கொடுக்காமல் போனது அவனுக்குத் துரோகமாகத் தெரியும், அதில் அவன் மேல் தப்பில்லை. நட்பைக் காட்ட உறவுமுறை தேவையில்லை. "கடைசி பீரியட் முடிந்ததும் அரை மணி நேரம் ஸ்டாஃப் ரூமில் இருப்பேன், சந்தேகம் எதுவானாலும் வாங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அரை மணி நேரம் நிஜமாகவே அங்கே உட்கார்ந்திருந்தால் போதும்.

பட்டம், ரேங்க், வெளியிட்ட கட்டுரைகள் என்று பத்து நிமிடம் பயோடேட்டா படிப்பது வீண். கட்டுரை எந்த ஜர்னலில் வந்தது என்பது அந்த வயதில் புரியாது. பெயர், துறை, நடத்தப்போகும் பாடம், அந்தப் பாடத்தில் நீங்கள் எங்கே திணறினீர்கள் என்று ஒரு வரி. இவ்வளவு சொன்னால் போதும்.

மொழி விஷயத்தில் நல்லெண்ணத்தோடே தவறு நடக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021-இல் வந்தது. தமிழ் வழியில் படித்தவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு உதவ நினைத்து, "தமிழ் மீடியம் யாரு, கை தூக்குங்க" என்று கேட்டுவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் மூன்று கைகள் பாதிவரை எழுந்தன, மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்தும் அந்த மூன்று பேர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்பதும் இதே காயத்தைத்தான் உண்டாக்கும். யாரையும் அடையாளம் காட்டாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம்: "பாடம் ஆங்கிலத்தில் நடத்துவேன், ஒவ்வொரு புதுச் சொல்லையும் தமிழிலும் விளக்குவேன். கேள்வியை எந்த மொழியிலும் கேட்கலாம்." சொன்ன கையோடு முதல் சொல்லை விளக்கிக் காட்டுங்கள். பைத்தான் வகுப்பென்றால், வேரியபிள் என்பது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர் என்று தொடங்கலாம்.

அப்புறம், அறுபது பேரையும் எழுந்து அறிமுகம் செய்யச் சொல்வது. ஆளுக்கு அரை நிமிடம் என்றாலே அரை மணி நேரம் போய்விடும். கடைசி பெஞ்சுக்கு வருவதற்குள் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, எப்படிக் கூப்பிட வேண்டும், இந்தப் பாடத்தில் என்ன பயம் என்ற இரண்டை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவு படித்துவிட்டு, மறுநாள் நாலைந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்.

அந்த மறுநாள் வகுப்பில் ஒருவர் தாமதமாக வருவார். முதல் நாள் சொன்ன விதி என்னவோ, அதையே திட்டாமல், குத்திப் பேசாமல் அவருக்குச் செய்துவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். மீதி ஐம்பத்தொன்பது பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.