தேதி இல்லாத லீவு லெட்டர்

கேரளத்தில், பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் மூட்டை தூக்கும் வேலை எனக்கு. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு, ‘உடம்பு சரியாகும்வரை லீவை நீட்டிக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் சேட்டன் திருப்பித் தந்துவிட்டார். “எந்தத் தேதி வரை? அதுவரை உன் இடத்தில் யாரைப் போடுவது?” கேள்வி நியாயம்தான்.

மறுபடி எழுதினேன்: “ஜூன் 2 ஆபரேஷன். கொடுத்த லீவு 15-ஆம் தேதி முடிகிறது. ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். ஆகவே ஜூலை 13 வரை நீட்டித்துத் தரவும். ஜூலை 10 ரிவ்யூ. டாக்டர் சரி என்றால் 14-ஆம் தேதி வருவேன். நாள் தள்ளினால் ரிவ்யூ அன்றே தெரிவிப்பேன்.”

இ.எஸ்.ஐ. சான்றிதழையும் இணைத்தேன். ரிவ்யூ, லீவு முடியும் முன்பே வருவதைத்தான் சேட்டன் முதலில் பார்த்தார். அன்றே கையெழுத்து.