‘ட்ரெயின்’ எத்தனை தட்டு? பாட்டுத் தாளில் பிறமொழி ஒலிகளை எழுதும்போது செய்யும் பிழைகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் கூடிப் பாடும் சின்னக் குழு எங்களுடையது. யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், கொழும்பிலேயே பிறந்தவர்கள் எல்லோரும் கலந்திருக்கிறார்கள். பாட்டுத் தாள் தட்டச்சுச் செய்வது என் வேலை. நாங்களே கட்டிய ஒரு ரயில் பாட்டில் நான் விட்ட பிழைகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறி மலையகத்து ஹட்டனுக்குப் போகிற பாட்டு. பல்லவி இதுதான்:

ட்ரெய்னில் ஏறி ஹட்டன் போவோம்
டிக்கட் கையில் டீயும் கையில்

ஆதி தாளம், எட்டுத் தட்டு. தட்டுக்கு ஓர் அசை. அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்து நேரசை, நிரையசை அல்ல. வாய் ஒரு தடவை திறந்து ஒரு சுரத்தைப் பிடிக்கும் அளவு, அவ்வளவுதான். ட்ரெய்-னில்-ஏ-றி-ஹட்-டன்-போ-வோம், எட்டு. டிக்-கட்-கை-யில்-டீ-யும்-கை-யில், இதுவும் எட்டு.

ஆனால் முதல் தாளில் நான் ‘ட்ரெய்னில்’ என்று எழுதவில்லை. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மனத்தில் வைத்து, அழகாக ‘டிரெயினில்’ என்று எழுதினேன். பத்திரிகையில் அது சரி. பாடுகிறவர் என்ன செய்வார்? டி-ரெ-யி-னில் என்று நான்கு அசை பாடுவார். எட்டுத் தட்டுக்குள் பத்து அசை. முதல் ஒத்திகையில் பாதிப் பேர் ‘ஹட்டன்’ வரும்போது இன்னும் ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டுத் தாளில் அதிகம் நடக்கிற பிழை இதுதான். சொல்லைத் தமிழாக்க நாம் சேர்க்கும் உயிரெழுத்து, படிக்கிறவருக்குக் கண்ணில் படாது. பாடுகிறவருக்கோ அது ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளும். ‘இராஜா’, ‘இலட்சம்’ போன்றவையும் இப்படித்தான். நம் பாடப்புத்தகங்களில் முன்னால் இகரம் போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். பேசும்போது அந்த இகரத்தை யாரும் சொல்வதில்லை, ஆனால் தாளைப் பார்த்துப் பாடும்போது அது உயிர்த்தெழுந்துவிடும். ராஜா இரண்டு அசை, இராஜா மூன்று. மெட்டு மூன்று கேட்டால் இகரத்தை எழுதுங்கள், இரண்டு கேட்டால் எழுதாதீர்கள். இலக்கணம் தெரியாதவன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. ‘ஸ்டேஷன்’ என்று மெய்யில் தொடங்கி எழுதினாலும் சிலருக்கு வாய் தானாக ‘இஸ்டேஷன்’ என்றுதான் போகும். அதைத் தாளால் திருத்த முடியாது. அந்தச் சொல் தாளத்தின் முதல் தட்டில் விழாதபடி மெட்டை நகர்த்தலாம், அல்லது சொல்லை மாற்றலாம். நாங்கள் ‘ஃபோர்ட் ஸ்டேஷன்’ என்று இருந்ததைக் ‘கோட்டை’ என்று மாற்றிவிட்டோம். அதனால் ஆய்த எழுத்தின் தொல்லையும் தீர்ந்தது. எங்கள் குழுவில் மூத்த ஒருவர் ஃ கண்ட இடமெல்லாம் ‘அக்’ என்று ஓர் அசை போடுவார். ‘ஃபேன்’ என்பதை ‘பேன்’ என்று எழுதினால் தலையில் ஊரும் என்ற இடத்தில் மட்டும் ஃ போடுங்கள். ‘போன்’ போன்ற சொற்களை வெறும் பகரத்தில் எழுதினாலும் எவரும் சரியாகவே பாடுவார்கள்.

அடுத்த பிழை கொழும்புக்கே உரியது. இங்கிலீஷ் ‘டீ’யை எந்த எழுத்தில் எழுதுவது?

யாழ்ப்பாண வழக்கில் ‘வெற்றி’, ‘காற்று’ என்பவற்றில் வரும் ற்ற, இங்கிலீஷ்காரர் சொல்லும் இரட்டை டகரம் போலவே, நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் பட்டு ஒலிக்கும். ட என்பதோ நாக்கை மேலே மடித்துச் சொல்வது. அதனால்தான் நம் பழைய எழுத்துமுறையில் ‘கேற்’, ‘பற்றறி’, ‘ஹற்றன்’ என்று றகரத்தில் எழுதினார்கள். காதுக்கு மிகச் சரியான எழுத்து அது. ஆனால் றகரம் சொல் முதலில் வராது என்பதால், அங்கே ரகரத்தைப் போட்டார்கள். ‘ரீ’, ‘ரிக்கற்’ என்பவை அப்படி வந்தவை. ‘ரொறன்ரோ’ என்ற சொல்லைப் பாருங்கள்: முதல் ரகரமும் கடைசி ரகரமும் டகரத்தின் வேலையைச் செய்கின்றன, நடுவில் உள்ள றகரம்தான் உண்மையான ரகரம். பழகியவருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை.

பழகாதவருக்கு? நான் இரண்டாம் தாளில் ‘ரிக்கற் கையில் ரீயும் கையில்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஹட்டன் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி தாளைப் பார்த்துவிட்டு, “அண்ணா, ரீன்னு இருக்கே, இது ஸ்வரமா?” என்று கேட்டாள். கேள்வி நியாயம்தானே. ச, ரி, க, ம என்று பாடப் பழகியவள் அவள். மூன்றாம் தாளில் எல்லாவற்றையும் டகரமாக்கினேன். இப்போது யாழ்ப்பாணத்து அக்காவின் முறை. “டீ எண்டு எழுதினா நான் நாக்கை மடிச்செல்லோ பாடுவன்” என்றார். அதுவும் நியாயம்தான்.

நாங்கள் எடுத்த முடிவு: எழுதுவது டகரம், பாடுவது நாக்கை மடிக்காத இங்கிலீஷ் ஒலி. காரணம் எளிது. டகரத்தை இங்கிலீஷ் ஒலியாகப் படிக்க இரு தரப்பாருக்கும் தெரியும், சினிமாப் பெயர்ப் பலகையிலும் விளம்பரத்திலும் பார்த்த எழுத்து அது. ரகரத்தை அப்படிப் படிக்கப் பாதிப் பேருக்குத்தான் தெரியும். நாக்கை மடிக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. மடித்தால், ‘ஹட்’ என்பதை இழுத்துப் பாடும்போது அந்த அகரமே மங்கி உள்ளே போய்விடும். பத்துப் பேரில் நாலு பேர் மடித்தால் அந்த இடத்தில் குரல்கள் ஒட்டாது.

இதில் செய்யக்கூடாத ஒன்று, ஒரே தாளில் இரண்டு முறையையும் கலப்பது. எங்கள் சரணத்தில் ‘காற்று’ வருகிறது. அதே தாளில் ‘ஹற்றன்’ என்றும் எழுதினால், காற்று என்பதைத் ‘காட்ரு’ என்பதுபோல் சொல்கிறவர் ஊரையும் ‘ஹட்ரன்’ ஆக்கிவிடுவார். ற்ற தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்த மயக்கம் வராது. அந்த ஊரை ‘அட்டன்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஹகரம் வேண்டாமென்றால் வேண்டாம், ஆனால் ஹட்டன்காரர் குழுவில் இருந்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். தெஹிவளையை நம்மில் பலர் ஹகரத்தோடுதானே எழுதுகிறோம்.

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். பாட்டின் முடிவில் ஒரு சிங்கள வரி வைத்தோம். ‘நாங்கள் ஊருக்குப் போவோம்’ என்று பொருள். தமிழ் எழுத்தில் நேராக எழுதினால் ‘அபி கமட யமு’. சிங்களம் தெரிந்தவருக்கு இது போதும். தெரியாத இருவர் என்ன பாடினார்கள் தெரியுமா? ‘அபி’யை அபிநயத்தில் வருவதுபோல் மெல்லொலியாக்கினார்கள், ‘கமட’வின் ககரத்தைக் கண் என்பதுபோல் வன்மையாகச் சொன்னார்கள், டகரத்தைப் ‘படம்’ என்பதுபோல் மென்மையாக்கினார்கள். சிங்களத்தில் மூன்றும் நேர் எதிர்: பகரம் வன்மை, ககரம் ‘கங்கை’யின் இரண்டாவது ககரம் போல் மென்மை, டகரம் வன்மை. அவர்கள் பிழை விடவில்லை. சொல்லின் முதலில் வந்தால் வன்மை, இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் மென்மை என்ற தமிழ் வழக்கத்தை அப்படியே பின்பற்றினார்கள்.

இதைத் திருத்தப் போய் நான் விட்ட பிழை, மெய்யை இரட்டித்து ‘அப்பி கமட்ட’ என்று எழுதியது. வன்மை வந்தது, ஆனால் ‘அப்’ என்று முதல் அசை அடைத்துக்கொண்டது. மெட்டில் அங்கே அகரத்தை வழுக்கி இழுக்க வேண்டும், அடைத்த அசையை இழுக்க முடியாது. தமிழில் இரட்டிக்காத வன்மையை நடுவில் எழுத வழியே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு சிறு கோடு. ‘அ-பி’ என்று பிரித்து எழுதினால், கோட்டுக்குப் பின் வரும் எழுத்தைக் கண் சொல்லின் முதல் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது, வாய் வன்மையாகச் சொல்கிறது. அசையும் அடைக்காது. ககரத்துக்கு, கர்நாடக இசைக் கீர்த்தனைப் புத்தகங்களில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளுக்குப் போடும் எண் முறையை எடுத்தேன். அங்கே மேலே 3 போட்ட ககரம் மெல்லொலி. வரி இப்படி ஆனது:

அ-பி க³ம-ட யமு

எண் முறையில் இரண்டு ஆபத்து. எல்லா எழுத்துக்கும் போட்டால் வரி கணக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். தமிழ் வழக்கத்தில் படித்தால் பிழையாகும் எழுத்துக்கு மட்டும் போடுங்கள். இந்த வரியில் அது ஒன்றே ஒன்றுதான். தெரிந்த சொற்களுக்குத் தேவையே இல்லை. ‘பஸ்’ என்று எழுதினால் இந்த ஊரில் எவரும் வன்மையாகப் பாட மாட்டார். மற்றது, மேலே ஏறிய எண் வாட்ஸ்அப்பில் ஒருவர் திரும்பத் தட்டி அனுப்பும்போது கீழே இறங்கி ‘க3’ ஆகும். ‘மூன்று தரம் பாடவா?’ என்று எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. அதனால் தாளைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ மட்டுமே அனுப்புகிறேன், திரும்பப் பாடும் எண்ணிக்கையை எழுத்தில் ‘இருமுறை’ என்று எழுதுகிறேன்.

தாள் சரியா என்று பார்க்க, மெட்டைக் கேட்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். பாடச் சொல்வதில்லை, பாடினால் மற்றவர்களைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். நான் மேசையில் எட்டுத் தட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன். வரி தட்டுக்குள் அடங்காத இடத்தையும் அவர் திணறும் இடத்தையும் பென்சிலால் வட்டமிடுவேன். யாழ்ப்பாணத்தார் ஒருவர், மலையகத்தார் ஒருவர் என்று இருவரிடம் கொடுப்பது நல்லது. ஒரே இடத்தில் இருவரும் திணறினால் எழுத்தை மாற்றுகிறேன். ஒருவர் மட்டும் திணறினால், எழுத்தை அப்படியே விட்டு ஒத்திகையில் வாயால் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.