பிரியாவிடைப் பதிவில் ஒரு நேரத்தையும் எழுதுங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் முன் நண்பர்களுக்கு எழுதும் பிரியாவிடைப் பதிவில், "தொடர்பில் இருப்பேன்" என்பதோடு நிறுத்தாமல், கதைக்கும் நாளையும் நேரத்தையும் இலங்கை நேரப்படி எழுதிவிடுங்கள். "டச்சு பே கடற்கரையில் நாங்கள் கூடுகிற அதே ஞாயிறு இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் வருவேன், மச்சான்மார்" என்றால் பழைய நினைவும் வாக்குறுதியும் ஒரே வரியில் வந்துவிடும்.

இலங்கையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. லண்டனிலோ அந்த 8 மணி கோடையில் பிற்பகல் 3.30, ஒக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து 2.30. கணக்குப் பார்ப்பது போகிறவரின் வேலை, திருகோணமலையில் இருப்பவர்களுக்குக் குழப்பமே இல்லை.

மெல்பேர்ன் போகிறவர்களுக்கு இந்த நேரம் சரிவராது, அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். பின்னேரம் 4 மணி என்று எழுதுங்கள். இந்தியாவுக்கென்றால் நேர வித்தியாசமே இல்லை.