வயர்லெஸ் சார்ஜிங்: பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்புவதும் மற்ற தவறுகளும்

வயர்லெஸ் சார்ஜரின் பெட்டியில் ‘15 வாட்’ என்று அச்சிட்டிருந்தால், பேட்டரிக்குள்ளும் 15 வாட் போய்ச் சேரும் என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, பொருத்தமான அடாப்டரும் பொருத்தமான கைபேசியும் சரியான இடத்தில் சேர்ந்திருக்கும்போது சார்ஜர் தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் அடாப்டரைக் கடக்கிறது. பிறகு சார்ஜர் தட்டிலுள்ள செப்புச் சுருளில் காந்தப்புலமாக மாறுகிறது. கைபேசியின் முதுகிலுள்ள சுருளில் மீண்டும் மின்சாரமாகிறது. அதன்பின் நேர்மின்னோட்டமாகத் திருத்தப்பட்டுப் பேட்டரிக்குள் நுழைகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. வயர்லெஸ் சார்ஜிங்கில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அந்தக் கழிவு எங்கே போகிறது என்பதைக் கவனிக்காததால் வருபவை.

மிகச் சாதாரணமான தவறு அடாப்டரில் தொடங்குகிறது. இப்போது பல சார்ஜர் தட்டுகள் அடாப்டர் இல்லாமலே விற்கப்படுவதால், வீட்டில் கிடக்கும் பழைய 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரிலோ தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலோ அதைச் செருகிவிடுகிறோம். உள்ளே வருவதே 5 வாட் என்னும்போது வெளியே 15 வாட் வர வழியில்லை. கைபேசிக்கு 3 வாட்டைச் சுற்றித்தான் கிடைக்கும், சில தட்டுகள் விளக்கை மட்டும் சிமிட்டிவிட்டு நின்றுவிடும். 15 வாட் தட்டுக்கு 9 வோல்ட் தரக்கூடிய, குறைந்தது 18 முதல் 20 வாட் திறனுள்ள அடாப்டர் வேண்டும்.

அடாப்டர் சரியாக இருந்தாலும், எவ்வளவு திறன் வேண்டும் என்பதைத் தட்டும் கைபேசியும் தங்களுக்குள் பேசித்தான் முடிவு செய்கின்றன. பெரும்பாலான தட்டுகளும் கைபேசிகளும் பின்பற்றும் பொதுத் தரத்தின் பெயர் க்யூஐ. அதன் அடிப்படை அளவு 5 வாட். ஐபோனைச் சாதாரண க்யூஐ தட்டில் வைத்தால், தட்டில் 15 என்று எழுதியிருந்தாலும் 7.5 வாட்டுக்கு மேல் அது கேட்பதில்லை. 2020இல் ஐபோன் 12உடன் வந்த, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் சார்ஜரில்தான் அது 15 வாட் ஆனது. அந்தக் காந்த முறையை அடிப்படையாகக் கொண்டு 2023இல் அறிவிக்கப்பட்டது க்யூஐ2. இங்கே வாங்குவோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: காந்தம் இருக்கிறது என்பதாலேயே ஒரு சார்ஜர் க்யூஐ2 ஆகிவிடாது. கைபேசி பட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் வேகம் பழைய 7.5 வாட்டாகவே இருக்கும். பெட்டியில் ‘Qi2’ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மறுபக்கம், கேலக்ஸி எஸ்25 போன்ற ‘Qi2 Ready’ கைபேசிகளின் உடலுக்குள் காந்தம் கிடையாது. காந்தம் பதித்த கவரைப் போட்டால்தான் அந்த வசதி முழுமையாகும்.

அடுத்தது, கைபேசியை வைக்கும் இடம். இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இருக்கும்போதுதான் காந்தப்புலத்தின் பெரும்பகுதி இரண்டாவது சுருளைச் சென்றடைகிறது. சுருளின் விட்டமே நாலைந்து சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு சென்டிமீட்டர் விலகல்கூடப் பெரிய விலகல். விலகினால் சார்ஜ் மெதுவாக ஏறும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நடப்பது அதைவிட மோசமானது. தனக்குப் போதுமான திறன் வரவில்லை என்று கண்ட கைபேசி, இன்னும் கூட்டு என்று தட்டுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புகிறது. தட்டும் தன் சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. சுருளில் ஏற்படும் இழப்போ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. கைபேசித் திரை ‘சார்ஜ் ஆகிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்க, கூடுதல் திறனில் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது. தடித்த கவர் போட்டிருந்தாலும் இதே கதைதான், ஏனெனில் இடைவெளியும் ஒருவகை விலகலே. மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கவரைக் கழற்றிவிட்டு வைப்பதே மேல்.

தட்டையான சார்ஜரில் இரவு கைபேசியை வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 40 சதவீதத்திலேயே நிற்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். பின்புறக் கேமராப் புடைப்பால் கைபேசி சற்றே சாய்ந்து கிடக்கும். நள்ளிரவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, தட்டின் எல்லையைத் தாண்டிவிடும். அதிர்வை அணைத்துவிட்டு வைக்கலாம், அல்லது காந்தச் சார்ஜருக்கு மாறலாம்.

கவருக்குள் சொருகிய ஏடிஎம் அட்டை, காரில் ஒட்டுவதற்காக வைத்த இரும்புத் தகடு, விரல் மாட்டும் உலோக வளையம் ஆகியவை சார்ஜருக்கும் கைபேசிக்கும் நடுவே இருக்கவே கூடாது. தட்டு அனுப்பிய திறனையும் கைபேசி பெற்றதாகச் சொல்லும் திறனையும் ஒப்பிட்டு, கணக்கு உதைத்தால் நடுவே உலோகம் இருக்கிறது என்று முடிவு செய்து நிறுத்திவிடும் ஏற்பாடு க்யூஐ தரத்தில் உண்டு. சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக மாறிமாறி வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். முத்திரை இல்லாத மலிவான தட்டுகளில் அந்த ஏற்பாடு ஒழுங்காக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. நடுவில் மாட்டிய சிறு உலோகத் துண்டு தொட முடியாத அளவுக்குச் சுட்டுவிடும்.

இனி வெப்பத்துக்கு வருவோம். வயர்லெஸ் சார்ஜிங் மின்சாரத்தை வீணாக்குகிறது என்பதே அடிக்கடி கேட்கும் குறை. அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5000 எம்ஏஎச் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 19 வாட்-மணி. அதை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 11.5 வாட்-மணி வேண்டும். சுவரிலிருந்து பேட்டரி வரை கேபிள் வழியில் 80 சதவீதமும் வயர்லெஸ் வழியில் 60 சதவீதமும் போய்ச் சேர்வதாக வைத்துக்கொண்டால், முதலாவதற்குச் சுமார் 14.5 வாட்-மணியும் இரண்டாவதற்குச் சுமார் 19 வாட்-மணியும் செலவாகும். நாள்தோறும் இப்படிச் செய்தாலும் ஆண்டு முழுவதற்குமான வேறுபாடு இரண்டு யூனிட்டைத் தாண்டாது. மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்பட இதில் எதுவுமில்லை. ஆனால் அதே கணக்கில், வயர்லெஸ் வழியில் கழியும் ஏழரை வாட்-மணியில் கணிசமான பங்கு கைபேசியின் முதுகிலேயே, பேட்டரியை ஒட்டியே வெப்பமாக வெளிப்படுகிறது என்பதுதான் கவலைக்குரியது. லித்தியம் அயான் பேட்டரி, நிறைந்த நிலையில் சூடாக இருக்கும்போதுதான் வேகமாக மூப்படைகிறது.

பேட்டரி சூடேறினால் கைபேசி தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைக்கும். ஐபோன் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதையே சிறிது நேரம் தள்ளிப்போடும். ஆகவே நிஜ வேகத்தை முடிவு செய்வது வாட் எண் அன்று, வெப்பம் வெளியேறும் வேகமே. 2020இல் ஒன்பிளஸ் 8 புரோவுக்காக வந்த 30 வாட் வயர்லெஸ் சார்ஜருக்குள் ஒரு விசிறியையே வைத்திருந்தார்கள். ஐபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பநிலையின் மேல் வரம்பு 35 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத சென்னை வீட்டு அறை அந்த வரம்பில்தான் தொடங்குகிறது. அங்கே தலையணைக்கு அருகே, தடித்த கவருடன் வயர்லெஸ்ஸில் வைத்தால் வேகமும் கிடைக்காது, பேட்டரிக்கும் நல்லதில்லை. காரின் முகப்பில் வெயில் படும்படி மாட்டி, வழிகாட்டும் மேப்பையும் ஓடவிட்டு, வயர்லெஸ் சார்ஜும் போடுவது இதைவிடக் கடுமையானது. சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்குவதையும் பார்க்கலாம். ஏசி காற்று வரும் துளையின் முன் மாட்டும் தாங்கி இதற்குப் பரவாயில்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில் பேட்டரியின் வெப்பநிலையை, adb என்ற கருவியை நிறுவிய கணினியில் இந்தக் கட்டளையை இட்டு நேரடியாகப் பார்க்கலாம்.

```
adb shell dumpsys battery
```

வரும் விடையில் `temperature: 387` என்றிருந்தால் 38.7 டிகிரி என்று பொருள். கைபேசியைக் கேபிளில் இணைத்துக்கொண்டு இதைப் பார்ப்பதில் பயனில்லை, ஏனெனில் அப்போது கேபிள் வழியாகவே சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் உள்ள, கேபிள் இல்லாமல் வைஃபையிலேயே கணினியோடு சேர்க்கும் ‘வயர்லெஸ் டீபக்கிங்’ வழியாக இணைத்து, `Wireless powered: true` என்று வருகிறதா என்பதை உறுதி செய்துகொண்டு பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவந்தால், வெப்பநிலை 40ஐத் தாண்டிய பிறகு சதவீதம் ஏறும் வேகம் எப்படித் தளர்கிறது என்பது தெரிந்துவிடும். கவரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தால் வேறுபாடு புரியும்.

கைபேசியின் முதுகிலிருந்தே வேறொரு கருவிக்குச் சார்ஜ் தரும் ரிவர்ஸ் வயர்லெஸ் வசதி 2018இல் ஹுவாவே மேட் 20 புரோவில் வந்தது. மறு ஆண்டு கேலக்ஸி எஸ்10இல் பவர்ஷேர் என்ற பெயரில் வந்தது. அதன் அளவு 4.5 வாட்டைச் சுற்றியே இருக்கும். இதைக் கொண்டு இன்னொரு கைபேசியை மீட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் தவறு. பெறுவதற்காக அமைந்த மெல்லிய சுருள் இங்கே கொடுக்கும் வேலையைச் செய்கிறது. இரண்டு கேமராப் புடைப்புகளும் இடிப்பதால் கைபேசிகள் ஒட்டி அமர்வதில்லை. இருபுறமும் கவர் இருந்தால் சொல்லவே வேண்டாம். பெறும் கைபேசியின் பேட்டரிக்கு 3 வாட் சேர்கிறது, கொடுப்பதில் பாதி வழியிலேயே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் அதற்குக் கிடைப்பது 1.5 வாட்-மணி, அதாவது 19 வாட்-மணி பேட்டரியில் 8 சதவீதம். கொடுத்தவர் இழப்பது 3 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 16 சதவீதம். அதற்கிடையில் இரண்டு கைபேசிகளும் சூடாகியிருக்கும், இரண்டையும் கையிலெடுத்துப் பேசவும் முடியாது.

இந்த வசதி உண்மையில் பயன்படுவது இயர்பட்ஸ் பெட்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும்தான். 500 எம்ஏஎச் பெட்டியின் கொள்ளளவு இரண்டு வாட்-மணிக்கும் குறைவு என்பதால், பாதி வீணானாலும் கைபேசியில் 20 சதவீதத்தோடு வேலை முடிந்துவிடும். சிறிய பெட்டியின் சுருளைத் தேடிப் பிடித்து வைப்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இன்னொரு கைபேசிக்கே கொடுத்தாக வேண்டிய நிலை வந்தால் டைப்-சி கேபிள் ஒன்று போதும். காற்றிடைவெளியும் சுருள்களும் இல்லாததால் இழப்பு வெகுவாகக் குறையும். ஆண்ட்ராய்டில் எந்தக் கைபேசி கொடுக்க வேண்டும் என்பதை யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். பல நேரங்களில் சார்ஜ் குறைந்த கைபேசியே கொடுக்கத் தொடங்கிவிடும் என்பதால் இதைப் பார்த்துவிடுவது அவசியம். ஐபோன் 15 முதல் வந்தவை வயர்லெஸ்ஸில் வேறு கைபேசிக்குக் கொடுப்பதில்லை. கேபிள் வழியாக 4.5 வாட் வரை தரும். அத்தகைய இரண்டு ஐபோன்களை இணைத்தால் சார்ஜ் குறைந்த பக்கத்துக்குத் தானாகவே ஏறும்.